பன்னிரண்டாவது வரிசை

பைசல் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிடங்கின் வாசலுக்கு வந்தபோது, அங்கே ஒரு பெண்ணை நிற்கவைத்து டிவியைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"படி. சத்தமா படி. எல்லாருக்கும் கேக்கணும்."

சொன்னவன் ஸ்ரீகாந்த், கிடங்கின் சூப்பர்வைசர். காலை ஏழு மணிக்கே இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பவுடர் பூசிய கழுத்து. அவனுக்குப் பின்னால் செக்யூரிட்டி ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். மஞ்சள் சங்கிலிக்கு அந்தப் பக்கம் எட்டுப் பத்துப் பெண்கள், சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்தபடி வேடிக்கை பார்த்தார்கள். அன்றைக்கு வேலை கிடைக்காதவர்கள். ஆனாலும் உடனே வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். யாராவது வரவில்லை என்றால் ஸ்ரீகாந்த் கை காட்டிக் கூப்பிடுவான் என்று எட்டு மணிவரை நிற்பார்கள்.

படிக்கச் சொல்லப்பட்டவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சரசா. பெட்டி தூக்கித் தூக்கி வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிப் போயிருந்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சங்கிலியின் மேல் எட்டிச் சாய்ந்து, இருபத்தைந்தடி தூரத்துத் தூணில் தொங்கிய டிவியில் அன்றைக்கு வேலை உள்ளவர்களின் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"நாநூத்தி இருவத்தாறு, வரலட்சுமி, மூணாம் டேபிளு. நாநூத்தி அம்பத்தொண்ணு, ஜெபா, மூணாம் டேபிளு..."

எழுத்துகள் கொண்டைக்கடலை அளவு இருந்தன. ஆனாலும் தப்பில்லாமல் படித்தாள். பதினோராவது பெயரோடு நின்றாள்.

"ம்ம், அப்புறம்?"

"அவ்ளோதான் கீது சார்."

"பன்னெண்டாவது?"

"பன்னெண்டாவது எங்க சார் கீது? கீழ டிவி கட்டைதான் கீது."

ஸ்ரீகாந்த் சங்கிலிப் பக்கம் திரும்பினான். "பாத்துக்குங்க. பதினொண்ணோட நின்னு போச்சு. கண்ணு அவிஞ்ச பொம்பளையை பேக்கிங்ல விட்டா, சோப்பு அனுப்ப வேண்டிய ஊட்டுக்கு எலி மருந்து அனுப்புவா." பெண்கள் சிரித்தார்கள். சிரிக்காதவளுக்கு நாளைக்குப் பெயர் வராது என்று எல்லோருக்கும் தெரியும்.

அவன் கையிலிருந்த லேப்டாப்பைத் திறந்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். "இந்தா. வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை. நேத்து. மூணு நாளும் டிவியில ஓடுன படம், ஆறு நாப்பதுக்கு எடுத்தது. பன்னெண்டாவது வரிசையில யாரு? ஆயிரத்து எண்பத்தாறு, சரசா, ஏழாம் டேபிள். மூணு நாள் பேரு போட்டும் நீ டேபிளுக்கு வரல. மூணு ஆப்சென்ட். கார்டு பிளாக். கம்ப்யூட்டர்தான் பிளாக் பண்ணிச்சு, நான் இல்ல."

"நான் மூணு நாளும் இங்கியேதானே சார் நின்னுகினு இருந்தேன்! 'ஒருத்தி வரல, ஏழாம் டேபிளுக்கு வா'ன்னு நீயே வேற ஒருத்திய கை காட்டி இட்டும்போனியே! நான்கூட கைய தூக்கனேனே சார்!"

"நாளைக்கு ஏஜென்சி மேடம் வருவாங்க. அவங்ககிட்ட கத்து."

பைசல் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு டிவியைப் பார்த்தான். மேலே தேதியும் நேரமும் இருக்க வேண்டிய பட்டையில் எழுத்துகள் மண்டையில்லாமல் நின்றன. இடது ஓரத்தில் எண்களின் முதல் இலக்கங்களைக் காணோம்: ஆயிரத்து நானூற்று இருபத்தாறு, வெறும் நானூற்று இருபத்தாறாக நின்றது. கீழே பதினோராவது வரிக்கு அடியில், டிவியின் கறுப்புச் சட்டத்தை ஒட்டி, வெள்ளையாக ஒரு தூசிக்கோடு. அருகில் போய்ப் பார்த்தான். தூசியில்லை. ஒரு பெயரின் உச்சி. அந்த வரியின் மீதி சட்டத்துக்குள் போயிருந்தது.

டிவியில் ஓடும் இந்தப் பக்கத்தைச் செய்தவன் அவன்தான்.

கரையான்சாவடியில் கலீல் ரகுமானின் கடையில் பைசலுக்கு வேலை. கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் டிவியில் விளம்பரம், விலைப்பட்டியல், டோக்கன் எண் ஓடவைப்பது அந்தக் கடையின் தொழில். டிவியில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, அதில் பிரவுசரை முழுத்திரைக்குத் திறந்துவிட்டால் போதும். அலுவலகத்தில் பட்டியலை மாற்றினால் வாசலில் மாறும். இந்தக் கிடங்கில் முதலில் கம்ப்யூட்டர் மானிட்டர்தான் இருந்தது. மழையில் அது செத்துப்போக, மேனேஜர் தள்ளுபடியில் வீட்டு டிவி ஒன்றை வாங்கி மாட்டினார். மூன்று வாரத்துக்கு முன் பைசல் வந்து பெட்டியைச் செருகினான். அன்றைக்கே ஆவடியில் இன்னொரு வேலை. மாடியில் ஏசி அறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் பக்கத்தைப் பார்த்தான், பன்னிரண்டு வரியும் அழகாக இருந்தது, டீ குடித்தான், படிவத்தில் கையெழுத்துப் போட்டான். 'திரையின் நான்கு மூலைகளும் நேரில் சரிபார்க்கப்பட்டன: ஆம்.' கீழே இறங்கி வாசலுக்கு வந்து டிவியை அண்ணாந்து பார்க்கவில்லை. ஐம்பதடி நடை. அவ்வளவுதான்.

இப்போது அவனை வரச்சொன்னதும் வேறு வேலைக்கு: எழுத்து சின்னதாக இருக்கிறது, பெண்கள் சங்கிலியைத் தாண்டி முண்டுகிறார்கள், பெரிசாக்க வேண்டும்.

ஸ்ரீகாந்த் உள்ளே போய்விட்டான். பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கலைந்தார்கள். சரசா மட்டும் நின்றாள். பைசல் ஏணியைத் தூணில் சாய்த்தான்; கீழே தரை சரிவு, ஏணி ஆடியது.

"இரு நைனா, நான் புடிச்சிக்கிறேன். வுழுந்து கிழுந்து வச்சிடாத, அதுக்கும் என்னியதான் சொல்வானுங்க."

அவள் இரண்டு கையாலும் ஏணியை அமுக்கிப் பிடித்தாள். பைசல் மேலே ஏறி, செல்போனிலிருந்து பெட்டிக்கு ஒரு சோதனைப் படத்தை அனுப்பினான். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கட்டங்கள். திரையின் விளிம்பிலேயே சிவப்பு, கொஞ்சம் உள்ளே தள்ளி மஞ்சள், நாலு பக்கமும் நூற்றுக்கு ஐந்து பங்கு உள்ளே தள்ளிப் பச்சை.

"அக்கா, அங்கேருந்து இன்னா தெரியுது?"

"பச்சையா கட்டம் மாரி கீது. ஓரத்துல, மயிரு கணக்கா."

"சேப்பு தெரியுதா? மஞ்சா?"

"சேப்பும் இல்ல, ஒண்ணியும் இல்ல. இன்னாத்துக்கு?"

"டிவி வெட்டுதுக்கா." அவன் வாய் தவறித்தான் சொன்னான். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "சில டிவிங்க அப்டித்தான். படத்த கொஞ்சம் உப்பவச்சி, நாலு ஓரத்தையும் சட்டத்துக்குப் பின்னால தள்ளிடும். சினிமா பாக்குறவனுக்கு ஒண்ணும் தெரியாது. எழுத்து இருந்தா போச்சு."

சரசா மேலே பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அப்போ எம் பேரு அதுக்குள்ள கீது. அந்தக் கட்டைக்குப் பின்னால."

"ம்."

"அந்தாளு லேப்டாப்புல தெரிஞ்சுதே?"

"அது டிவில செருகுன பெட்டி தனக்குள்ள எடுத்துக்குற படம்க்கா. பெட்டி முழுசாத்தான் அனுப்புது. வெட்டுறது டிவி. பெட்டிக்கு அது தெரியாது."

அவள் ஏணியை விடவில்லை. "நைனா, எனக்கு இருநூத்தி முப்பத்தொரு நாளு ஆச்சு. இன்னும் ஒம்போது நாளு. இருநூத்தி நாப்பது ஆயிட்டா வேலைய வுட்டு சும்மா தூக்க முடியாதாம். சட்டம் கீதாம், எங்க ஊட்டாண்ட சங்கத்துக்காரர் சொன்னாரு. சேக்காட்ல பஸ்சு ஏறி, பூந்தமல்லில எறங்கி, ஷேர் ஆட்டோல குந்திகினு வரேன். ஒரு நாளு லேட்டு இல்ல. மாசம் ரெண்டு நாளு ஜொரம், மாத்திரைய முழுங்கிட்டு வந்தேன். நாளைக்கு அந்த மேடத்தாண்ட நீ ஒரு வார்த்த சொல்லு. வேற ஒண்ணியும் வாணாம். டிவி வெட்டுதுன்னு சொல்லு. அவங்களே வந்து பாத்துக்கட்டும், டிவி இங்கதானே கீது."

"சொல்றேன்க்கா," என்றான் பைசல். அந்த நேரத்தில் உண்மையாகத்தான் சொன்னான்.

மாடிக்குப் போனான். ஸ்ரீகாந்த் கதவைச் சாத்தச் சொன்னான்.

"சார், அந்தம்மா சொன்னது நெசம்தான். டிவி ஓரம் வெட்டுது. கடைசி வரிசை தெரியாது. ரிமோட்ல படத்தோட சைஸ மாத்துனா முழுசா வரும், ஆனா இந்த டிவில கரன்ட் போய் வந்தா பழையபடி ஆயிடும். அதனால பக்கத்துலயே நாலு பக்கமும் மார்ஜின் விட்டுடறேன். எழுத்தும் பெருசாக்கி, ஆறு ஆறு பேரா ரெண்டு தடவ மாறி மாறி ஓட விட்டா..."

"தெரியும் தம்பி."

"எது சார்?"

"வெட்டுறது. வந்த ரெண்டாம் நாளே தெரியும். நம்ம ஆளு ஒருத்தி கடைசியில இருந்தா, தெரியலன்னு வந்து நின்னா. போய்ப் பார்த்தேன். தெரியல." ஸ்ரீகாந்த் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். பட்டியலில் ஒரு பெயரை விரலால் பிடித்து இழுத்துக் கீழே பன்னிரண்டாவது இடத்தில் விட்டான். திரும்ப இழுத்து மேலே விட்டான். சீட்டாடுகிறவன் போல இருந்தது. "நீ இந்த வசதி கொடுத்திருக்க பாரு, வரிசைய மாத்துறது, அருமையான வசதி. இருநூத்தி முப்பது நாள் தாண்டுனவங்கள இருநூத்தி நாப்பதுக்குள்ள கழட்டலேன்னா மேனேஜர் என் தலைய எடுக்கிறாரு. முன்னாடியெல்லாம் சண்டை போட்டுத்தான் கழட்டணும். ஒருத்தி செருப்ப கழட்டிக்கிட்டு வந்தா. இப்ப பாரு. கைபடாம போவுது. மூணு வாரத்துல நாலு பேரு. இவ நாலாவது."

ஸ்ரீகாந்த் லேப்டாப்பை மூடினான்.

"எழுத்த பெருசாக்கு. அது வேணும், ரொம்ப பேரு முண்டுறாங்க. ஓரத்த தொடாத."

"சார், தப்பு சார் அது."

ஸ்ரீகாந்துக்குக் கோபமே வரவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தான். பைசலின் கையெழுத்துப் போட்ட படிவம். 'நேரில் சரிபார்க்கப்பட்டன: ஆம்.'

"யாரு தப்பு?" என்றான். "விசாரணைன்னு வந்தா நான் இதத்தான் காட்டுவேன். டிவி கம்பெனிக்காரன் சரியா இருக்குன்னான், நான் நம்புனேன். நாலு பொம்பளைங்க பொழப்பு போனது உன்னாலன்னு ஆவும். உங்க பாய் கடைக்கு இன்னும் ஆறு கிடங்கு வேலை தரலாம்னு பேச்சு இருக்கு. யோசிச்சுக்க."

பைசல் வெளியே வந்து கலீல் ரகுமானுக்குப் போன் போட்டான். விவரத்தை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "டேய், நேர்ல போய்ப் பாத்தியா, பாக்கலியா?"

"பாக்கல பாய்."

"அப்ப மூடிகினு அவுரு சொல்றத செய். கையெழுத்து உன்னுது. கடை பேர இழுத்தேன்னா நாளையிலேருந்து நீ வர வாணாம்."

கடைக்குத் திரும்பி அன்று மதியம் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தான். பிரியாணிப் பொட்டலம் பிரிக்கப்படாமல் பக்கத்தில் ஆறியது. அவனுடைய அத்தா கோயம்பேட்டில் மூட்டை தூக்கினவர். ஒரு நாள் கணக்குப்பிள்ளை அவர் பெயரைக் கூப்பிடாமல் தாண்டிப் போனதற்கு, அடுத்த நாளும் அதே இடத்தில் போய் நின்றவர். கேட்கவில்லை. கேட்டால் அதற்கடுத்த நாளும் போய்விடும் என்று சொன்னார். பைசலுக்கு அப்போது அது கோழைத்தனமாகத் தெரிந்தது.

இரண்டு மணி நேரத்தில் ஒரு வழி கண்டுபிடித்தான். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். பக்கத்தைச் சரியாகச் செய்துவிட்டால் போதும். நாலு பக்கமும் நூற்றுக்கு ஐந்து பங்கு வெறுமையாக விட்டான். பின்னணி நிறம் மட்டும் ஓரம்வரை போகும், வெட்டினால் நிறம்தான் வெட்டுப்படும். எழுத்து, எண் எல்லாம் நடுப்பகுதிக்குள். ஆறு பெயர் ஒரு பக்கம், ஆறு பெயர் அடுத்த பக்கம், பத்து வினாடிக்கு ஒரு தடவை மாறும். 'பக்கம் 1 / 2' என்று மேலே பெரிதாகப் போட்டான். எண்கள் கட்டைவிரல் உயரம், கறுப்பில் வெள்ளை. சங்கிலிக்கு அந்தப் பக்கமிருந்து கண்ணைச் சுருக்காமல் படிக்கலாம். நாளையிலிருந்து யாரும் அந்தக் கட்டைக்குப் பின்னால் விழ மாட்டார்கள். ஸ்ரீகாந்த் கத்தினால், எழுத்தைப் பெரிசாக்கினால் இப்படித்தான் வரும் என்று சொல்லிக்கொள்ளலாம். கையெழுத்தும் தப்பித்தது. சரசா? அவள் மேடத்திடம் பேசிக்கொள்வாள். நல்ல வாய் இருக்கிறது அவளுக்கு.

மாற்றத்தை அனுப்பிவிட்டு, ஆறிய பிரியாணியைத் தின்றான். பசித்தது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு அவன் ஏணியோடு கிடங்கு வாசலில் நின்றான். டிவி பளிச்சென்று இருந்தது. சங்கிலிக்குப் பின்னால் பெண்கள் நின்ற இடத்திலேயே நின்று படித்தார்கள். "ஐய, இன்னாடி இது, தேர்தல் ரிசல்ட்டு மாரி கீது!" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். யாரும் முண்டவில்லை. இரண்டாவது பக்கம் வந்தது. ஏழு முதல் பன்னிரண்டு. பன்னிரண்டாவது பெயர்க்காரி கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். பைசலுக்கு நெஞ்சு லேசானது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் ஒரு நல்லது செய்தாகிவிட்டது.

ஸ்ரீகாந்த் மாடிப்படியில் நின்று டிவியைப் பார்த்தான். பிறகு பைசலைப் பார்த்தான். முகம் கறுத்தது. படியிறங்கி வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். ஏதோ யோசித்தான். பிறகு மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எதற்கு என்று பைசலுக்கு அப்போது புரியவில்லை.

ஏழரை மணிக்கு ஷோபனா வந்தாள். ஆட்களைக் கிடங்குக்கு அனுப்பும் ஏஜென்சியின் அதிகாரி. ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கேட்டாள்: "எந்த கேஸ்? ஒம்பது மணிக்கு நான் அம்பத்தூர்ல இருக்கணும்."

சரசா அவளைப் பார்த்ததும் ஓடிவந்தாள். முந்தின நாள் முழுக்க இதையே சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்திருக்க வேண்டும், தடங்கலில்லாமல் வந்தது. "மேடம், நான் மூணு நாளும் வந்துகினுதான் இருந்தேன். எம் பேரு டிவில வரல. அதாவது வந்துச்சு, டிவி வெட்டுது மேடம். ஓரத்துல வெட்டுது. கடைசி பேரு அந்தக் கட்டைக்குப் பின்னால போயிடும். ஆபீசு படத்துல முழுசா கீது, டிவில இருக்காது. நீங்களே வாங்க மேடம். ரெண்டு நிமிசம். வந்து உங்க கண்ணால பாருங்க."

"டிவி வெட்டுமா?" ஷோபனா ஸ்ரீகாந்தைப் பார்த்தாள்.

"வாங்க மேடம், பாத்துடலாம்," என்றான் ஸ்ரீகாந்த். குரலில் அவ்வளவு மரியாதை. "நானே கூட்டிட்டுப் போறேன்."

அந்த நொடியில்தான் பைசலுக்கு அந்தச் சிரிப்பு புரிந்தது.

அவர்கள் மூவரும் டிவிக்குக் கீழே போய் நின்றார்கள். சரசா முன்னால் ஓடி, கையை நீட்டி, "இதோ மேடம், இங்க, இந்தக் கட்டையாண்ட..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

டிவியின் அடியில் ஓரம் முழுக்க வெறும் கறுப்பு. அதற்கு மேலே, கட்டைவிரல் உயரத்தில், முழுசாக, பளிச்சென்று ஆறு பெயர்கள். எண்களின் முதல் இலக்கம்கூடக் குறையாமல். பத்து வினாடியில் பக்கம் மாறியது. இன்னும் ஆறு. பன்னிரண்டாவது பெயரை ஷோபனா ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே படித்தாள்.

"பன்னெண்டும் தெரியுதேம்மா."

"இல்ல மேடம். இது... நேத்து இப்டி இல்ல. நேத்து சின்னதா இருந்துச்சு. நேத்து வெட்டிச்சு."

"எது வெட்டிச்சு?"

"டிவி!"

ஷோபனா ஸ்கூட்டர் சாவியால் உள்ளங்கையைத் தட்டினாள். "இவ்ளோ பெரிய எழுத்து. ரோட்லேருந்தே படிக்கலாம். இத பாக்கலன்னு சொல்ற. அதுக்கு டிவி மேல பழி."

சரசா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஏணியின் பக்கத்தில் பைசல் நின்றிருந்தான். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பைசல் சாகும்வரை மறக்க முடியாது; திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போன பிள்ளையைக் கண்ட முகம்.

"அதோ! அந்தத் தம்பியக் கேளுங்க மேடம்! அவருதான் டிவிக்காரரு. நேத்து ஏணி மேல நின்னு பாத்தாரு, நான்தான் ஏணிய புடிச்சிகினேன். சேப்புக் கோடு போட்டாரு, தெரியல. மஞ்சாக் கோடு போட்டாரு, அதுவும் தெரியல. டிவி வெட்டுதுக்கான்னு அவரே சொன்னாரு. சொல்லு நைனா. சொல்றேன்னு சொன்னியே."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஸ்ரீகாந்தும் பார்த்தான். அவன் சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் ஒன்றின் விளிம்பு தெரிந்தது. படிவம்.

"நீங்க என்ன பண்ணீங்க?" ஷோபனா கேட்டாள்.

"எழுத்த... பெருசாக்குனேன் மேடம்."

"முன்னாடி பேருங்க தெரியாம இருந்துச்சா?"

பைசல் ஸ்ரீகாந்தின் சட்டைப் பையைப் பார்த்தான். "சின்னதா இருந்துச்சு மேடம். ஆனா இருந்துச்சு."

"சேப்புக் கோடு, மஞ்சக் கோடுன்றாங்களே?"

"அது கலர் செக் பண்றது மேடம். கலர் சரியா வருதான்னு. எல்லா டிவிக்கும் போடுவோம்."

சரசா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். மண்ணை வாரித் தூற்றினால்கூடத் தாங்கியிருப்பான். அவள் திரும்பி டிவியைப் பார்த்தாள். தன் கண்ணையே ஒரு தடவை முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் பைசலை அறுத்தது.

"கண்ணு டெஸ்ட் பண்ணிக்கோம்மா," என்று ஷோபனா கொஞ்சம் இளகிச் சொன்னாள். "சர்க்கரை இருக்கா உனக்கு? பாரு. ஸ்ரீகாந்த், ஆப்சென்ட் மூணும் சரி. ரெக்கார்டு படத்த எனக்கு அனுப்பிடுங்க. நம்பர வேற ஆளுக்குப் போட்டுக்கலாம்."

ஸ்கூட்டர் கிளம்பியது. செக்யூரிட்டி வந்து சரசாவின் கழுத்திலிருந்த அட்டையைக் கேட்டான். அவள் கழற்றிக் கொடுத்தாள். கயிறு கொண்டையில் மாட்டிக்கொண்டது. அவன் வெடுக்கென்று இழுத்தான், நாலு முடி கயிற்றோடு வந்தது. சங்கிலிக்குப் பின்னால் நின்ற பெண்களில் ஒருத்திகூட அவளைப் பார்க்கவில்லை. எட்டு மணி இன்னும் ஆகவில்லை. எல்லோர் கண்ணும் ஸ்ரீகாந்தின் கைமேல் இருந்தது.

அவள் அவர்களைத் தாண்டிப் போகும்போது பைசலின் அருகில் ஒரு நொடி நின்றாள்.

"ஏணி அந்தப் பக்கம் சரிவா கீது," என்றாள். "கீழ கல்லு வச்சிக்கோ. புடிக்க ஆளு இல்ல."

பூந்தமல்லி பக்கம் போகும் ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. ஏறி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்ரீகாந்த் பைசலின் தோளில் கை போட்டான். பவுடர் வாசம் அடித்தது. "பயந்தே போயிட்டேன் தம்பி காலைல. சொன்னத கேக்காம மாத்திட்டான் பாவின்னு நெனச்சேன். கடைசில நீ மாத்துனதாலதான் தப்பிச்சோம். பழைய மாதிரியே இருந்திருந்தா அந்த மேடம் பாத்திருக்கும்ல? பாத்திருந்தா முன்ன போன மூணு பேரும் கெளம்பி வந்திருப்பாளுங்க. இப்ப டிவி சுத்தம். எவ வந்தாலும் காட்டலாம்."

பைசல் ஏணியை மடித்தான். மடிப்பில் விரல் நசுங்கியது; எடுக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றான் ஸ்ரீகாந்த். டிவியை அண்ணாந்து பார்த்தபடி வாட்ச்சையும் பார்த்துக்கொண்டிருந்தான். "இந்த ரெண்டாவது பக்கம் எவ்ளோ நேரம் நிக்குது?"

"பத்து செகண்டு சார்."

"மொதப் பக்கம்?"

"அதுவும் பத்து."

"ம்." டிவியில் இரண்டாவது பக்கம் வந்தது. அவன் உதடு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியது. "இது ரெண்டுக்கும் தனித்தனியா நேரம் வைக்கலாம்ல? மொதப் பக்கம் ஒரு நிமிசம். ரெண்டாவது பக்கம் ஒரு செகண்டு, அர செகண்டுன்னு. நானே ஆபீஸ்லேருந்து மாத்திக்கிற மாதிரி ஒரு பட்டன் குடு. முழுசா தெரியும், பெருசா தெரியும், எந்தக் கோர்ட்லயும் காட்டலாம். கண்ண மூடித் தொறந்தா போயிடும், அவ்வளவுதான்."

பைசல் ஏணி மடிப்பிலிருந்து விரலை எடுத்தான்.

"முடியாதா?"

சங்கிலிக்குப் பின்னால் பெண்கள் அண்ணாந்து நின்றார்கள். எழுத்து பெரிதாக இருப்பதால் இப்போது யாரும் சங்கிலியின் மேல் சாயவில்லை. நிமிர்ந்து, நிம்மதியாக, நின்ற இடத்திலேயே நின்று படித்தார்கள்.

"முடியும் சார்," என்றான் பைசல்.

"எப்போ?"

"சாயந்தரத்துக்குள்ள."

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தான். அவனுக்குப் பின்னால் ஸ்ரீகாந்த் சங்கிலிப் பக்கம் கையை நீட்டி, "ஒருத்தி குறையுது. நீ வா," என்று யாரையோ கூப்பிட்டான்.